ஷூவுக்குள் இல்லாத கூழாங்கல்

ஓடிக்கொண்டிருக்கும்போது ஷூவுக்குள் ஒரு கூழாங்கல் புகுந்துவிட்டதுபோல உறுத்தும். நின்று, கழற்றி, கவிழ்த்துத் தட்டினால் ஒன்றும் விழாது. சாக்ஸ் மடிந்திருக்குமோ என்று அதையும் இழுத்துவிட்டுப் பார்ப்பார்கள். பாதத்தைக் கையால் நன்றாகப் பிசைந்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் அடங்கும். ஷூவை மறுபடி மாட்டி ஓடினால் வலியும் மறுபடி வந்துவிடும். எரிச்சல், சுரீரென்ற வலி, இரண்டு விரல்களுக்குள் ஓடும் மரமரப்பு என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். விரலை வைத்துக் காட்டச் சொன்னால் பலரும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள். அது அடிப்பாதத்தின் முன்மேட்டில், நடுவிரலுக்கும் நாலாவது விரலுக்கும் இடையே இருக்கும்.

அந்த இடத்துக்கு என்ன தனிச்சிறப்பு? பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நீண்ட எலும்புகள் போகின்றன. அவற்றின் உருண்டையான முனைகள்தான் நாம் உந்தி நடக்கும்போது தரையில் அழுந்தும் மேடு. பக்கத்துப் பக்கத்து முனைகளை ஒரு குறுக்கு நார் கட்டி வைத்திருக்கிறது. விரல்களுக்குப் போகும் உணர்ச்சி நரம்பு அந்த நாருக்கு அடியில் நுழைந்து செல்கிறது. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தால் உந்தும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்க, நரம்பு இழுபட்டு நாரின் விளிம்பில் உரசும். அதே நேரத்தில் ஷூ இருபுறமும் நெருக்கினால் எலும்பு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கி நரம்பை நடுவில் பிடித்துக்கொள்ளும். பல மாதங்கள் இப்படி நசுங்கிய நரம்பைச் சுற்றித் தழும்புபோலத் திசு தடித்துவிடுகிறது. தடித்தது இன்னும் அதிக இடத்தை அடைப்பதால் நெருக்கல் மேலும் கூடுகிறது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1876ல் இதைப் பற்றி எழுதியதால் மார்ட்டன் நியூரோமா என்ற பெயர் நிலைத்துவிட்டது. நியூரோமா என்றால் நரம்புக் கட்டி என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயந்து வருகிறவர்கள் உண்டு. இது கட்டி அல்ல, புற்றுநோயோடு எந்தத் தொடர்பும் கிடையாது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. குதிகால் உயர்ந்த, முனை குறுகிய காலணி அதற்கு ஒரு முக்கியமான காரணமாகக் கருதப்படுகிறது.

ஆனால் முன்பாதத்தில் வலிக்கிறது என்றாலே நரம்புதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஷூவை மாற்றுவதற்கு முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் அழுத்தினால் வலி, கூடவே விரல்களுக்குள் மரமரப்பு, ஷூவைக் கழற்றினால் நிம்மதி என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். பள்ளத்தில் இல்லாமல் இரண்டாம் விரலின் மூட்டுக்கு நேர் அடியில் வலித்து, அந்த விரல் வீங்கி, தரையைத் தொடாமல் மேலே தூக்கிக்கொண்டோ பெருவிரல் பக்கம் சாய்ந்துகொண்டோ போனால், மூட்டுக்கு அடியிலுள்ள கெட்டியான நார்த்தட்டு நைந்திருக்கலாம். அதற்கு விரலைக் கீழ்நோக்கி இழுத்து டேப் ஒட்டுவது போன்ற தனி வைத்தியம் உண்டு. அதைத் தள்ளிப்போட்டால் விரல் நிரந்தரமாகக் கோணிவிடும்.

மூன்றாவது வகைதான் உண்மையில் பயப்பட வேண்டியது. வலி அடியில் இல்லாமல் பாதத்தின் மேற்புறத்தில், எலும்பின்மேல் ஒரே புள்ளியில் இருக்கும். அந்த இடம் லேசாக வீங்கியிருக்கும். ஓட்டத்தைக் கூட்டிய சில வாரங்களில் தொடங்கி நாளுக்கு நாள் சீக்கிரமாகவே வரும், சிலருக்கு இரவில் படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று தெறிக்கும். எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று சொன்னதை நம்பி ஓடி, அரைகுறை விரிசலை முழு முறிவாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இப்படிச் சந்தேகம் இருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் ஒரேமாதிரி வலித்து, காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் அது முடக்குவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும். அதற்கு ஷூக்கடையில் மருந்தில்லை.

நரம்பு வலிக்கே வருவோம். பலரிடம் பார்த்ததை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். சென்னையில் வங்கியில் வேலை பார்க்கும் நாற்பது வயதைத் தாண்டிய பெண். காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிறார். ஜனவரியில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஐந்தாவது கிலோமீட்டர் வந்ததும் வலது பாதத்தில் அந்தக் கூழாங்கல் வந்துவிடுகிறது. ஷூ சின்னதாகிவிட்டது என்று நினைத்து 6ஆம் எண்ணுக்குப் பதில் 7ஆம் எண் வாங்கினார். ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு நாலாவது கிலோமீட்டரிலேயே வலி வந்துவிட்டது.

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். நம் ஊர்க் கடைகளில் கேட்கும் ஷூ எண் நீளத்தை மட்டுமே சொல்கிறது. ஓர் எண் கூடினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் கூடுவதோ மிகக் கொஞ்சம். இடநெருக்கடி பக்கவாட்டில் இருக்க, நாம் முன்னால் இடம் வாங்கிக்கொண்டு வருகிறோம். அதில் தீமையும் உண்டு. நீளம் அதிகமான ஷூவுக்குள் பாதம் முன்னால் சறுக்கும். சறுக்காமலிருக்க விரல்கள் தம்மையறியாமல் சுருண்டு பிடித்துக்கொள்ளும். ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் பொருந்தாமல் போகும். லூஸாக இருக்கிறதே என்று லேஸை இறுக்குவார்கள், இறுக்கம் நேராக வலிக்கிற இடத்தின்மேலேயே போய் விழும்.

பார்க்க வேண்டியது ஷூவின் முன்பகுதியில் விரல்கள் விரிந்து கிடக்க உள்ள இடம். டோ பாக்ஸ் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். அதை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மாலையில், பாதம் நாள் முழுக்க உழைத்துச் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத்தாளின்மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்கவும். உட்கார்ந்தபடி வரைந்தால் பயனில்லை, எடை விழும்போதுதான் முன்பாதம் விரியும். ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி எடுத்து அந்தப் படத்தின்மேல் வைக்கவும். அந்த வங்கி ஊழியரின் பாதம் அகலமான இடத்தில் 9.7 சென்டிமீட்டர் இருந்தது, இன்சோல் 9. ஷூவின் மேல்துணி கொஞ்சம் விரிந்துகொடுக்கும் என்பதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தெரிவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஏழு மில்லிமீட்டர் அதிகம். அதுவும் சுண்டுவிரல் பக்கம் முழுசாக வெளியே நின்றது. பாதத்தின் முன்பக்கம் விசிறிபோல விரிய, இன்சோலோ அந்த இடத்தில் கூம்பத் தொடங்கியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டபின் வாங்குவது எளிது. ஓட்டக் காலணி செய்யும் நிறுவனங்கள் பலவும் ஒரே எண்ணில் வெவ்வேறு அகலங்கள் வைத்திருக்கின்றன. பெண்களின் ஷூவில் சாதாரண அகலத்துக்கு பி, அகலமானதற்கு டி என்று குறிப்பார்கள். ஆண்களின் ஷூவில் அதே டி சாதாரண அகலம், 2ஈ அகலமானது, 4ஈ மிக அகலமானது. ஆகவே அகலப்பாதம் கொண்ட பெண்கள், சமமான நீளமுள்ள ஆண்கள் ஷூவைப் போட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கும் கடைசியில் அதுதான் பொருந்தியது. நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், உள்ளே எல்லா விரல்களையும் தூக்கி விரிக்க முடிய வேண்டும், அதே நேரத்தில் குதிகால் நழுவக் கூடாது. புது ஷூ வாங்க இப்போது கையில் பணமில்லை என்றால் பழையதின் லேஸைக் கழற்றி, விரல்களுக்குப் பக்கத்திலுள்ள முதல் ஜோடித் துளைகளை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து கோத்துப் பார்க்கலாம். முன்பாதத்துக்குமேல் இறுக்கம் உடனே குறைவது தெரியும்.

அகலம் என்றதும் சிலர் வெறுங்கால் பாணியிலான, தட்டையான, மெல்லிய அடி கொண்ட ஷூவுக்குத் தாவிவிடுகிறார்கள். விரல்களுக்கு இடம் தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் மெத்தை கிடையாது, ஓடும் முறையும் முன்பாதம் முதலில் தரையில் படுவதாக மாறும். வலி இருக்கும்போது இதைச் செய்வது, நோகிற இடத்தின்மேலேயே வேலையைக் கூட்டுவது. இப்போதைக்கு வேண்டியது அகலமான முன்பகுதி, தடித்த அடி, முன்னங்காலில் எளிதில் மடங்காத விறைப்பு. முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்த அடியாக இருந்தால் விரல்கள் அதிகம் மடங்காமலே பாதம் உருண்டு போய்விடும்.

ஷூவோடு கதை முடியவில்லை. அந்தப் பெண் ஓடுவது வாரத்தில் நாலு மணி நேரம்கூட இராது. மற்ற நேரமெல்லாம் பாதம் எங்கே இருந்தது? பகலில் முனை குறுகிய ஆபீஸ் காலணிக்குள், வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு. சமையலறையில் இரண்டு மணி நேரம் வெறுங்காலில் நிற்பதை நாம் ஒரு பாரமாகவே நினைப்பதில்லை. மண் தரைக்கும் கிரானைட் தரைக்கும் உள்ள வித்தியாசம் இந்த வலி வந்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தென்ற தனிச்செருப்பு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அதுவும் பின்னால் வார் உள்ளதாக இருக்கட்டும். கட்டைவிரலால் கவ்விப் பிடிக்க வேண்டிய தேய்ந்த ரப்பர் செருப்பு நாள் முழுக்க விரல்களைச் சுருட்டி வைத்திருக்கும். திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலில் தார்ச்சாலையில் அதை நடப்பதென்று வேண்டிக்கொண்டவர்கள், வலி அடங்கும்வரை தேதியைத் தள்ளிவைக்கலாம்.

அடுத்தது பேட். மெடாடார்சல் பேட் என்று கேட்டால் மருந்துக்கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. ஜெல்லிலோ பஞ்சிலோ செய்த சின்னத் துளி வடிவ மேடு. மலிவான பொருள், சரியாக ஒட்டினால் நன்றாக வேலை செய்யும். ஆனால் நான் பார்த்தவரை பாதிப்பேர் தப்பான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே மெத்தை வைப்பதுதானே நியாயம் என்று தோன்றும். அங்கே வைத்தால் அது வலிக்கிற இடத்தையே மேலே தள்ளும். பேட் இருக்க வேண்டியது எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. எலும்புகளின் தண்டுப்பகுதியை அது தாங்கித் தூக்கும்போது முனைகளின்மேல் பாரம் குறைந்து, அவை ஒன்றைவிட்டொன்று சற்று விலகும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வலிக்கிற புள்ளியில் லிப்ஸ்டிக்கையோ தண்ணீரில் குழைத்த குங்குமத்தையோ தடவிக்கொண்டு, இன்சோலை ஷூவுக்குள் போட்டு, வெறுங்காலை நுழைத்து ஒருமுறை ஊன்றி எடுக்கவும். இன்சோலில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். பேடின் அகன்ற முன்விளிம்பு அந்தப் புள்ளிக்கு அரை சென்டிமீட்டராவது பின்னால் நிற்கும்படி ஒட்டவும். முதலில் காகித டேப்பால் ஒட்டி வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். பாதத்தின் நடுவில் ஏதோ தாங்குவதுபோலத் தெரிந்தால் சரி. வலி கூடினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தவும். ஏற்கெனவே இறுக்கமான ஷூவுக்குள் பேடும் போட்டால் இருக்கிற இடமும் போய்விடும், அதனால் அகலமான ஷூ முதலில், பேட் அதன்பிறகு.

இனி பயிற்சி. ஓட்டம் பழகியவர்களிடம் ‘ஓய்வெடுங்கள்’ என்று மட்டும் சொன்னால் பத்து நாள் பொறுப்பார்கள், பதினோராம் நாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார்கள். ஆகவே எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நிறுத்த வேண்டியவை விரல்கள் பின்னோக்கி மடங்கி எடை முழுவதும் முன்பாதத்தில் விழும் வேலைகள். வேக ஓட்டம், மேடேறுதல், ஸ்கிப்பிங், மாடிப்படியில் நுனிக்காலால் ஏறுவது எல்லாம் இதில் வரும். கடல் மணலில் ஓடினால் மென்மையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. கால் புதையும் மணலில் விரல்கள் ஒவ்வோர் அடியிலும் கவ்வி உந்த வேண்டியிருக்கும், அதனால் அதையும் விடுங்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு யோகாவுக்குப் போனவர்கள் சூரிய நமஸ்காரத்தில் விரல்களை மடக்கி ஊன்றும் நிலைகளில் அதே நரம்பை மறுபடி இழுத்துவிடுவதும் நடக்கிறது. பாதத்தின் மேற்புறத்தைத் தரையில் படிய வைத்து அவற்றைச் செய்யலாம், அல்லது கொஞ்ச காலம் விட்டுவிடலாம்.

வைத்துக்கொள்ள நீச்சல் இருக்கிறது. நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு ஆழமான பகுதியில் ஓடுவதுபோல் காலை வீசலாம். அதைவிட எளிது சைக்கிள். பெடலை முன்பாதத்தால் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதியால் மிதிக்க வேண்டும், ஷூவின் அடி விறைப்பாக இருக்க வேண்டும். அந்தப் பெண் முதல் இரண்டு வாரம் ஓடவே இல்லை. ஓடும் நாட்களில் ஓடுகிற நேரத்துக்கே சைக்கிள் ஓட்டினார். மூச்சின் பழக்கம் விட்டுப்போகவில்லை, பாதத்துக்கும் ஓய்வு கிடைத்தது.

கூடவே ஒரு வேலை உண்டு. கெண்டைக்கால் தசை இறுகிக் கிடந்தால் நடக்கும்போது குதிகால் சீக்கிரமே தரையைவிட்டு எழும்பிவிடும், முன்பாதம் அதிக நேரம் பாரம் சுமக்கும். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, முட்டியை மடக்காமல், குதிகாலைத் தரையில் பதித்து முப்பது விநாடி நிற்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை, தினமும் இரண்டு வேளை. பின்காலின் விரல்கள் இதில் மடங்குவதில்லை என்பதால் வலி இருக்கும்போதும் செய்யலாம். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும் பயிற்சி நல்லதுதான், ஆனால் அதை வலி தணிந்தபின் உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுபடி ஓடத் தொடங்குவது எப்போது? தேதியைப் பார்க்காதீர்கள். சமதரையில் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்து, அப்போதும் மறுநாள் காலையிலும் வலி இல்லாவிட்டால் தொடங்கலாம். முதல் நாள் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள். வலியைப் பத்துக்கு எத்தனை என்று மனசுக்குள் மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்குள் இருந்து, அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டால் அதே அளவில் இன்னும் இரண்டு முறை ஓடிவிட்டு ஓட்ட நிமிடங்களைக் கூட்டலாம். மூன்றைத் தாண்டினாலோ மறுநாளும் மிச்சமிருந்தாலோ ஒரு படி இறங்க வேண்டும். வேகத்தையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். இரண்டும் கூடியபின் வலி வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணின் ஓட்டத்தில் மாற்றிய இன்னொன்று அடியின் நீளம். நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடியவர், அதே வேகத்தில் 168 வைக்கப் பழகினார். அடி குட்டையானால் ஒவ்வோர் அடியிலும் பாதம் வாங்கும் அதிர்ச்சி சற்றுக் குறையும். கைபேசியில் மெட்ரோனோம் செயலியை வைத்து ஒரு தடவையில் சில நிமிடங்கள் பழகினால் போதும். நுனிக்காலில் ஓடுவதாக இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்தாவது வாரம் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடினார். ஜனவரி ஓட்டத்துக்குக் கட்டிய பணம் போனது. அதைத் துரத்திக்கொண்டு ஓடாததுதான் அவர் செய்த புத்திசாலித்தனம் என்பேன்.

எல்லாருக்கும் இப்படியே முடிவதில்லை. அகலமான ஷூ, பேட், குறைத்த பயிற்சி எல்லாம் ஒழுங்காக மூன்று மாதம் செய்தும் குறையவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பார்கள். தடிப்பு தெரிந்தால் ஸ்டீராய்டு ஊசி ஒரு வழி. பலருக்கு அது சில மாதங்கள் நிம்மதி தரும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் அடிப்பாதத்தின் கொழுப்பு மெத்தை கரைந்து மெலியலாம். கடைசி வழி அறுவை சிகிச்சை. தடித்த நரம்பை வெட்டி எடுத்தால் அந்த இரண்டு விரல்களுக்கு இடையே நிரந்தரமாக உணர்ச்சி இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு அது தொந்தரவாக இருப்பதில்லை. சிலருக்கு மட்டும் வெட்டிய நரம்பின் முனை மறுபடி தடித்து வலிக்கும். இதையெல்லாம் மேசைமேல் படுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பாதத்தில் எரிச்சலும் மரமரப்பும் இருந்தால், குறிப்பாக இரண்டு பாதங்களிலும் இருந்தால், மேலே சொன்ன எதையும் செய்து பார்ப்பதற்கு முன் மருத்துவரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மரத்துப்போன பாதத்துக்கு ஷூ கடிப்பது தெரியாது, பேட் உறுத்திப் புண்ணாவதும் தெரியாது.

மற்றவர்கள் அடுத்த முறை ஷூக்கடைக்குப் போகும்போது மாலையில் போங்கள். ஓடும்போது போடும் சாக்ஸையும் பாதம் வரைந்த தாளையும் கையோடு கொண்டுபோய், இன்சோலை உருவி அதன்மேல் வைத்துப் பாருங்கள். விரல் பக்கம் இறுக்குகிறதே என்று நீங்கள் கேட்க, “போடப் போட லூஸாயிடும் மேடம்” என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடியை வாங்காதீர்கள்.